விபிஎன் போட்டால் பிங் குறையுமா? ஏற்காட்டிலிருந்து மும்பை கேம் சர்வர் வரை ஒரு பயணக் கணக்கு

இரவு ஒன்பது மணி. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறைக்கு வந்த பையன் லேப்டாப்பில் வேலரண்ட் ஆடிக்கொண்டிருக்கிறான். திரையின் மூலையில் பிங் 35 என்று இருந்தது திடீரென 90, பிறகு 140 என்று எகிறுகிறது. எதிரியைச் சுட்டால் குண்டு படவில்லை. ஆனால் அவன் மட்டும் செத்து விழுகிறான். சேலத்தில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "விபிஎன் போட்டுப் பாருடா, பிங் குறையும்."

போட்டுப் பார்க்கிறான். பிங் குறையவில்லை, 110-ல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் இதே யோசனையைக் கேட்டு, "எனக்கு நிஜமாவே பாதியாக் குறைஞ்சுதுப்பா" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யாருக்கு எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த விபிஎன் செயலியின் தரம் மட்டுமல்ல. பாக்கெட் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

பிங் என்பது தூரத்தின் கணக்கு

பிங் என்பது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சிறு தகவல் பொட்டலம், அதாவது பாக்கெட், சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். இணைய வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. 40 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் கேம் டவுன்லோடு சீக்கிரம் முடியும், பிங் அப்படியேதான் இருக்கும். பைப்பை அகலமாக்கினால் தண்ணீர் நிறைய வருமே தவிர, டேங்குக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் குறையாது.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இதிலிருந்து எளிதாக ஒரு கணக்கு கிடைக்கிறது. ஒவ்வொரு 100 கிலோமீட்டர் கேபிளுக்கும் போய்வர ஒரு மில்லி விநாடி ஆகும். எந்த நிறுவனமும் எந்தச் செயலியும் இதை மீற முடியாது. வழியில் இருக்கும் ரவுட்டர்கள், நெரிசல், வீட்டு வைஃபை எல்லாம் இதற்கு மேல் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. ஏற்காட்டுப் பாக்கெட் சேலம் இறங்கி, சென்னை போய், அங்கிருந்து மும்பை போகிறது என்று எடுத்துக்கொள்வோம். கேபிள் தூரம் சென்னை வரை தோராயமாக 400 கி.மீ., அங்கிருந்து மும்பைக்கு 1,400 கி.மீ. மொத்தம் 1,800 கி.மீ., ஆக போய்வரக் குறைந்தது 18 மில்லி விநாடி. ரவுட்டர்கள், வளைந்து போகும் கேபிள் எல்லாவற்றையும் சேர்த்தால் 30, 35 என்று திரையில் தெரிவது நியாயமான எண்தான். பெங்களூரு வழியாக அனுப்பும் நிறுவனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம்.

விபிஎன் புதுச் சாலை போடுவதில்லை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை ஒன்று, குப்பனூர் வழியாகச் சுற்றிவரும் பாதை ஒன்று. மழைக்காலத்தில் மண் சரிந்து முதல் பாதை அடைபட்டால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்குக் குப்பனூர் பாதைதான் சீக்கிரமான பாதை. மற்ற நாட்களில் அடிவாரத்தில் இருப்பவர் அந்த வழியில் போனால் சுற்றுதான்.

விபிஎன் செய்வதும் இதைத்தான். அது புதிதாகக் கேபிள் எதையும் இழுப்பதில்லை. 'முதலில் எங்கள் சர்வருக்கு வா, அங்கிருந்து நாங்கள் அனுப்புகிறோம்' என்று ஒரு கட்டாய நிறுத்தத்தைச் சேர்க்கிறது. ஆகவே விபிஎன் போட்டபின் வரும் பிங் இரண்டு துண்டுகளின் கூட்டல்: உங்கள் வீட்டிலிருந்து விபிஎன் சர்வர் வரை ஒன்று, விபிஎன் சர்வரிலிருந்து கேம் சர்வர் வரை இன்னொன்று. நேர்வழி ஏற்கெனவே ஒழுங்காக இருந்தால் இந்தக் கூட்டல் அதைவிடக் குறைய வாய்ப்பே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான நேரம் நேர்வழி ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதனால்தான் விபிஎன் பெரும்பாலும் பிங்கைக் கூட்டுகிறது.

பாக்கெட்டைப் பூட்டித் திறக்கும் வேலையால், அதாவது என்கிரிப்ஷனால் தாமதம் ஆகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டர்களில் அது பெரிய விஷயமே இல்லை. நேரத்தைத் தின்பது தூரம்தான்.

'இந்தியா' என்று போட்டிருந்தாலும் அது சிங்கப்பூராக இருக்கலாம்

நம் ஊர் ஆட்டக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 'மும்பை சர்வர்தானே, விபிஎன்-லயும் இந்தியான்னு செலக்ட் பண்ணிட்டா கூடுதல் தூரம் எங்க வரும்?' என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. பதில் 2022-ல் இருக்கிறது.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்குக் கொடுத்த ஐபி எண் போன்ற விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. பதிவே வைப்பதில்லை என்பதைச் சொல்லித்தான் பல விபிஎன் நிறுவனங்கள் வியாபாரம் செய்கின்றன. அந்த ஆண்டு ஜூனில் எக்ஸ்பிரஸ்விபிஎன் முதலில் தன் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டது. சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகியவையும் அதே வழியில் போயின.

ஆனால் செயலியின் பட்டியலிலிருந்து 'இந்தியா' என்ற பெயர் எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை. அந்த இடத்தில் 'விர்ச்சுவல் சர்வர்' வந்தது. ஐபி எண் இந்தியாவுடையது, இயந்திரம் இருப்பது வெளிநாட்டில். இந்திய ஐபி எண்ணை சிங்கப்பூர் அல்லது பிரிட்டனில் உள்ள சர்வர் மூலம் தருவதாக எக்ஸ்பிரஸ்விபிஎன் அப்போதே வெளிப்படையாகச் சொன்னது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய ஓடிடி பார்ப்பவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஏற்காட்டில் உட்கார்ந்து மும்பை சர்வரில் ஆடுபவருக்கு நிலைமை வேறு.

அந்தப் பையனின் பாக்கெட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம். விபிஎன் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், ஏற்காட்டிலிருந்து சென்னைக்கு 400 கி.மீ. அங்கே கடலுக்குள் இறங்கி சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கி.மீ. அங்கே விபிஎன் சர்வர் பூட்டைத் திறந்து, 'ஓ, இது மும்பைக்கா?' என்று அதே வங்காள விரிகுடா வழியாகத் திருப்பி அனுப்புகிறது. மறுபடி 3,200 கி.மீ. வந்து சென்னையில் ஏறுகிறது. பிறகு மும்பைக்கு 1,400 கி.மீ. மொத்தம் 8,200 கி.மீ., போய்வரக் குறைந்தது 82 மில்லி விநாடி. நேர்வழியில் அது 18. இடையில் உள்ள 64 மில்லி விநாடி முழுக்கக் கடலில் போய்வந்த செலவு. திரையில் 35 இருந்த பிங் 100-ஐத் தாண்டியதற்கு வேறு மர்மம் எதுவும் தேவையில்லை.

பிரிட்டன் சர்வர் வழியாக என்றால் கணக்குப் போடாமலே சொல்லலாம், ஆட முடியாது.

அப்படியானால் யாருக்குக் குறைகிறது?

சிலருக்கு நிஜமாகவே குறைகிறது. அதைப் புரிந்துகொள்ள, இணையம் வழியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் மேப் மாதிரி அது குறைந்த நேர வழியைத் தேடுவதில்லை.

இணையம் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனி நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது. உங்கள் இணைய நிறுவனம் ஒரு பாக்கெட்டை அடுத்து யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்க பிஜிபி என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அதில் முதலில் வருவது வியாபார ஒப்பந்தம். யாரிடம் கொடுத்தால் காசு வரும், யாரிடம் கொடுத்தால் இலவசம், யாரிடம் கொடுத்தால் செலவு என்று பார்த்துத்தான் விருப்ப வரிசை அமைகிறது. அதற்குப் பிறகு, எத்தனை நெட்வொர்க்குகளைக் கடக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியே அதில் கிடையாது.

ஒரு கேமின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைப்போம். ஏற்காட்டிலிருந்து சென்னை வழியாக நேராகப் போனால் 3,600 கி.மீ., குறைந்தது 36 மில்லி விநாடி, நடைமுறையில் 50 சொச்சம். ஆனால் அந்தக் கேம் நிறுவனத்தின் நெட்வொர்க்கோடு உங்கள் இணைய நிறுவனத்துக்கு ஆசியாவில் தொடர்பு இல்லை, இரண்டும் ஐரோப்பாவில்தான் கைகோக்கின்றன என்றால் என்ன ஆகும்? பாக்கெட் மும்பை போய், அரபிக் கடல், செங்கடல் தாண்டி பிரான்சின் மார்செய் நகரைத் தொட்டு, அங்கிருந்து மறுபடி கிழக்கே சிங்கப்பூர் வர வேண்டியதாகிவிடும். மார்செய்யையும் சிங்கப்பூரையும் இணைக்கும் சீ-மீ-வீ 4 கேபிளின் மொத்த நீளமே சுமார் 18,800 கி.மீ. அந்தத் திரும்பும் பயணம் மட்டுமே 150 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். திரையில் 250, 300 என்று தெரியும்.

இந்த இடத்தில் சிங்கப்பூரில் உள்ள ஒரு விபிஎன் சர்வர் உதவும். உங்கள் இணைய நிறுவனத்துக்கும் அந்த விபிஎன் நிறுவனம் வாடகைக்கு இருக்கும் டேட்டா சென்டருக்கும் சென்னை வழியாக நேர்த்தொடர்பு இருந்தால், முதல் துண்டு 50 சொச்சம். அங்கிருந்து கேம் சர்வர் அதே ஊரில், ஒன்றிரண்டு மில்லி விநாடி. 280 இருந்த பிங் 60-க்கு இறங்கும். சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் நடக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பாக்கெட் நேராகச் சிங்கப்பூர் போய்ச் சேரலாம். பதிலை எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானிப்பது கேம் சர்வர் இருக்கும் நெட்வொர்க். அது ஐரோப்பா சுற்றி அனுப்பினாலும் பிங் எகிறும். விபிஎன் போட்டால் சர்வரின் பார்வையில் நீங்கள் சிங்கப்பூர்க்காரர். பதில் பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல விபிஎன் சர்வருக்குப் போய்விடும். போகும் வழியைச் சோதித்துப் பார்த்து 'எல்லாம் சரியாத்தானே இருக்கு' என்று குழம்புபவர்களுக்கு விபிஎன் குணம் தருவது இதனால்தான்.

கேபிள் அறுந்த நாட்களும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 6 அன்று செங்கடலில் ஜெட்டா அருகே சீ-மீ-வீ 4, ஐமீவீ ஆகிய கேபிள்கள் சேதமடைந்தன. மத்தியக் கிழக்கு வழியாகப் போகும் போக்குவரத்தில் தாமதம் கூடும் என்று மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவுக்காரப் பசங்களோடு ஐரோப்பிய சர்வரில் ஆடும் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு அதுபோன்ற நாட்களில் விபிஎன் உதவலாம், அந்த விபிஎன் நிறுவனம் அறுபடாத வேறு கேபிளில் இடம் வைத்திருந்தால். ஆனால் எல்லாரும் மிச்சமிருக்கும் கேபிள்களில் முண்டியடிக்கும் நேரம் அது, உத்தரவாதம் கிடையாது.

பெரிய கேம் நிறுவனங்கள் இந்த வழிச் சிக்கலை எப்போதோ கவனித்துவிட்டன. வேலரண்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 'ரயட் டைரக்ட்' என்று சொந்த நெட்வொர்க்கே வைத்திருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ நடத்தும் வால்வ், சென்னை, மும்பை உட்பட பல ஊர்களில் ரிலே சர்வர்களை வைத்து, பக்கத்து ரிலேவில் ஆட்டக்காரரை ஏற்றித் தன் சொந்த வழியில் கொண்டுபோகிறது. விபிஎன் செய்வதாகச் சொல்லும் வேலையை இவர்களே செய்துவிடுகிறார்கள். அதன்மேல் இன்னொரு விபிஎன் போடுவது, பஸ் வாசலிலேயே வந்து நிற்கும்போது அடுத்த ஸ்டாப்புக்கு ஆட்டோ பிடிப்பது மாதிரி.

லேக் வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

விபிஎன் எதுவுமே செய்ய முடியாத லேக் ஒன்று இருக்கிறது. அது வீட்டுக்கும் இணைய நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கும் இடையில் உருவாகும் லேக். ஏற்காடு மாதிரி மலைப்பகுதியில் இதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள். மேலே பார்த்த பையனின் பிங் ஒரே எண்ணில் நிற்காமல் 35-க்கும் 140-க்கும் இடையே குதித்தது நினைவிருக்கலாம். வழி சுற்றாக இருந்தால் பிங் எப்போதும் உயரத்தில் நிலையாக நிற்கும். குதித்தால், பெரும்பாலும் எங்கோ நெரிசல் அல்லது சிக்னல் கோளாறு.

பனிமூட்டம் வந்தால் நெட் போய்விடும் என்று மலையில் சொல்வதுண்டு. 4ஜி பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனி பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த மரங்களும் வளைந்து நிற்கும் மலைச்சரிவும்தான் அதிகம் தடுக்கின்றன. காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தால் மழை நாளில் வித்தியாசம் தெரியும். சிக்னல் பலவீனமானால் பாக்கெட் தொலைந்து, மறுபடி அனுப்பப்பட்டு, பிங் குதிக்கும். வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் மலையேறியதும் அதே டவரைப் பிடித்துத் தொங்கும் போன்களின் எண்ணிக்கையும் கூடும்.

ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டிலும் ஒருவர் வீடியோ அப்லோடு செய்தால், கேம் பாக்கெட்டுகள் ரவுட்டரில் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். இதையெல்லாம் விபிஎன் தொடவே முடியாது, ஏனென்றால் விபிஎன் பாக்கெட்டும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

சோதிப்பது எப்படி?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் வீட்டு ரவுட்டரை பிங் செய்ய வேண்டும். பல வீடுகளில் அதன் எண் இதுதான்:

```
ping -n 100 192.168.1.1
```

ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தால் வைஃபை நலம். நடுநடுவே 60, 100 என்று வந்தாலோ, பதில் வராமல் போனாலோ கோளாறு வீட்டுக்குள். ஒரு லேன் கேபிள் வாங்கி ரவுட்டரோடு நேராக இணைப்பது எந்த விபிஎன் சந்தாவையும்விட மலிவு.

அடுத்து கேம் சர்வரின் எண் வேண்டும். கேம் ஓடும்போது `resmon` என்று டைப் செய்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் கேமின் பெயருக்கு நேராக உள்ள முகவரியைப் பார்க்கலாம். அந்த எண்ணை வைத்து இப்படி ஓட்ட வேண்டும்:

```
tracert சர்வர்-எண்
```

வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு வரியாக வரும். பல ரவுட்டர்களின் பெயரிலேயே ஊரின் விமான நிலையக் குறியீடு இருக்கும். `maa` என்றால் சென்னை (மெட்ராஸின் மிச்சம்), `bom` மும்பை, `sin` சிங்கப்பூர், `mrs` மார்செய். மும்பை சர்வருக்குப் போகும் வழியில் `sin` தெரிந்தாலோ, சிங்கப்பூர் சர்வருக்குப் போகும் வழியில் `mrs` தெரிந்தாலோ, நேரமும் அந்த இடத்தில் சட்டென்று 100-க்கு மேல் ஏறி, கடைசி வரை அப்படியே நின்றாலோ வழி சுற்று என்று அர்த்தம். விபிஎன் முயன்று பார்க்கத் தகுந்த நிலைமை இது.

நடுவில் ஒரு ரவுட்டர் மட்டும் 200 காட்டி, அடுத்தது மறுபடி 40 காட்டினால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் உங்கள் சோதனைக்குப் பதில் சொல்ல சோம்பல்படுகிறது, பாக்கெட்டை ஒழுங்காகத்தான் கடத்துகிறது. நட்சத்திரக் குறிகளும் அப்படித்தான். பல கேம் சர்வர்கள் பிங்குக்குப் பதிலே தராது. அப்போது கடைசியாகப் பதில் சொன்ன ரவுட்டரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு விபிஎன்-ஐப் போட்டு அதே `tracert`-ஐ மறுபடி ஓட்டினால், முதல் வரியில் வருவது பெரும்பாலும் விபிஎன் சர்வரேதான். அந்த ஒரு வரியின் நேரமே, விபிஎன் இல்லாமல் கேமில் தெரிந்த பிங்கைவிட அதிகமாக இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. முதல் துண்டே முழுப் பயணத்தைவிட நீளம், இந்த விபிஎன் பிங்கைக் குறைக்காது. 'இந்தியா' என்று பெயர் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் சர்வரும் இந்த வரியில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

குறைய வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால், செட்டிங்ஸில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஓபன்விபிஎன் முறையில் 'டிசிபி' என்ற தேர்வு இருக்கும். அதில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது திரும்ப வந்து சேரும்வரை பின்னால் வந்த எல்லாம் காத்து நிற்கும். பழைய பாக்கெட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதுதான் வேக கேம்களின் முறை, டிசிபி அதற்கு நேர் எதிர். 'யுடிபி' அல்லது வயர்கார்டு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சோதனையை எப்போது செய்வது என்பதும் முக்கியம். காலை 11 மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு கட்டினால் தவறாகப் போகலாம். இரவு 8-லிருந்து 11 வரை எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும் நேரத்தில், விபிஎன் போட்டு ஐந்து நிமிடம், போடாமல் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் பார்த்தால்தான் அந்த வீட்டுக்கான பதில் கிடைக்கும். காசு கட்டுவதற்கு முன், பல நிறுவனங்கள் தரும் இலவசச் சோதனை நாட்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.